காலை 5:30க்கு வந்து நிற்கும் ஆள்: சேலத்தில் ஹோட்டலுக்கும் கடைக்கும் ஆள் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிபன் ஹோட்டல். பத்து நாளில் நாலு பேர் வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

ஆளைத் தேடுவதற்கு முன்னால் நேரத்தை எழுதி வையுங்கள். கடை 6 மணிக்குத் திறக்கிறது என்றால் சப்ளையர் எத்தனை மணிக்கு உள்ளே இருக்க வேண்டும், நடுவில் இடைவேளை உண்டா, ராத்திரி எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்பதெல்லாம் ஒரு தாளில் வர வேண்டும். பெரும்பாலான கடைகளில் ‘ஆட்கள் தேவை’ என்று எழுதிக் கீழே ஒரு நம்பரைப் போட்டு விடுகிறார்கள். அதைப் பார்த்துக் கூப்பிடுபவருக்குச் சம்பளமும் தெரியாது, நேரமும் தெரியாது. வந்து இரண்டு நாள் வேலை பார்த்த பிறகுதான் காலை 5:30 என்பது அவருக்குப் புரியும். மூன்றாம் நாள் வர மாட்டார்.

போர்டில் நாலு விஷயம் இருந்தால் போதும்: என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன சம்பளம், சாப்பாடும் தங்குமிடமும் உண்டா இல்லையா. சம்பளத்தை ‘நேரில் பேசிக்கொள்ளலாம்’ என்று விட்டால் போன் நிறைய வரும், ஆள் கிடைக்காது. நேரம் ஒத்துவராதவர்கள் போர்டைப் படித்து அவர்களாகவே விலகிக்கொள்வதுதான் உங்களுக்கு மிச்சமாகும் முதல் நாள்.

இன்னொன்று, பிரேக் ஷிப்ட். காலை 6 முதல் 10:30, அப்புறம் மாலை 5:30 முதல் 9 என்று பல டிபன் கடைகளில் வேலை. கணக்குக்கு எட்டு மணி நேரம்தான். ஆனால் ஓமலூரிலிருந்து வருபவர் நடுவில் இருக்கும் ஏழு மணி நேரத்தை எங்கே கழிப்பார்? வீட்டுக்குப் போய்த் திரும்பினால் இரண்டு தடவை பஸ் செலவு. போகாவிட்டால் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். நாலைந்து வாரத்தில் மாலை ஷிப்டுக்கு லேட்டாக ஆரம்பிப்பார். அதை அவருடைய குணம் என்று முதலாளி நினைப்பார். பிரேக் ஷிப்டுக்கு நடந்தோ சைக்கிளிலோ வரக்கூடிய தூரத்தில் ஆள் தேடுங்கள், இல்லையென்றால் படுக்க ஓர் அறை கொடுங்கள். தூரத்திலிருந்து வருபவரை ஒரே மூச்சில் முடிகிற ஷிப்டில் போடுங்கள்.

நிறையப் பேர் போன் பண்ணுகிறார்கள். எல்லோரையும் நேரில் வரச் சொல்லிப் பார்க்க நேரமில்லை.

முதல் போனில் விவரத்தைச் சொல்லிவிட்டு, ‘நாளைக்குப் பதினொன்றே கால் மணிக்கு நீங்களே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க’ என்று சொல்லி வையுங்கள். பேர், ஊர், கூப்பிட வேண்டிய நேரம் மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிட இடைவெளி விட்டு நேரம் கொடுங்கள். மறுநாள் அந்த நேரத்துக்கு யார் கூப்பிடுகிறார்கள் என்று குறித்தால் பாதி வேலை முடிந்தது. வேலை தேவைப்படும்போதே சொன்ன நேரத்தை மறந்தவர், வேலை கிடைத்த பிறகு நினைவில் வைத்திருப்பது அபூர்வம்.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. வீட்டுக்கே ஒரு போன் இருக்கும், அதைப் பையன் எடுத்துக்கொண்டு போயிருப்பான். ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். அதனால் ‘மிஸ்டு கால் கொடுத்தாலும் போதும், பக்கத்து வீட்டு நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் சரி’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாமதமாகக் கூப்பிட்டு, கேட்கும் முன்பே காரணத்தைச் சொல்பவரை ஒதுக்காதீர்கள். மதியம் 3 மணிக்குக் கூப்பிட்டு, காலையில் கூப்பிடச் சொன்னதையே எடுக்காமல் ‘அண்ணா, வேலை இருக்கா?’ என்று புதிதாக ஆரம்பிப்பவரை விட்டுவிடலாம்.

இந்த நம்பரை ஒரே ஆள் பார்க்க வேண்டும், கல்லாவில் கூட்டம் இல்லாத நேரமாக வைத்துக்கொள்ள வேண்டும். வேலை கேட்டவர் சரியான நேரத்துக்குக் கூப்பிடும்போது நீங்கள் எடுக்காவிட்டால் அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

‘நேரத்துக்கு வருவீங்களா’ என்று கேட்டால் எல்லோரும் ‘வருவேன்’ என்றுதான் சொல்கிறார்கள். வேறு என்ன கேட்பது?

பஸ்ஸைப் பற்றிக் கேளுங்கள். ‘காலையில் 5:30க்கு இங்கே இருக்கணும்னா வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும்? எந்த பஸ்? ஸ்டாப்புக்கு எவ்வளவு தூரம்? அந்த பஸ் வரலேன்னா அடுத்தது எப்போ?’ அந்த நேரத்தில் ஏற்கெனவே போய்வந்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார். பஸ்ஸின் நேரம், ஓட்டுநர் எங்கே நிறுத்துவார், எந்தக் கிழமை கூட்டம் என்பது வரை வரும். ‘அதெல்லாம் வந்துடலாம்ணா’ என்று மட்டும் சொல்பவர் அந்த நேரத்தில் வெளியே வந்தே பார்த்திருக்க மாட்டார். இதில் பொய் சொல்வதும் கஷ்டம்.

அயோத்தியாப்பட்டணம், அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கத்திலிருந்து வரும் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கெட் இல்லை. பார்சல் கட்டுவது, காய் நறுக்குவது, பில் போடுவது போன்ற வேலைகளுக்கு அவர்கள் இப்போது தூரத்திலிருந்தும் வருகிறார்கள். ஆனால் அந்த பஸ் காலை எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அவர்களின் நேரம். முதல் பஸ் 5:45க்கு ஸ்டாண்டுக்குள் வருகிறதென்றால் அவரை 5:30க்கு வரச் சொல்லித் தினமும் திட்டுவதைவிட 6 மணி டூட்டி கொடுத்து அரை மணி நேரம் பின்னால் விடுவது நல்லது. லேட் என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இப்படி டைம் டேபிளை மாற்றினாலே தீர்ந்துவிடும்.

அடுத்து, வர முடியாமல் போனால் என்ன செய்வார் என்று கேளுங்கள். ‘போன வேலையில் ஒரு நாள் திடீரென்று வர முடியாமல் போனப்போ என்ன பண்ணீங்க?’ என்று நடந்ததைக் கேட்க வேண்டும், நடக்கப் போவதைக் கேட்கக் கூடாது. ‘ராத்திரியே மாஸ்டருக்குச் சொல்லிட்டேன், எனக்குப் பதில் தம்பி நின்னான்’ என்று ஆளும் நேரமும் சேர்ந்து பதில் வந்தால் நல்லது. ‘நான் லீவே போட மாட்டேன்’ என்பது பதில் இல்லை.

கடைசியாக ஒன்று: எப்போது சேர முடியும்? வேறு கடையில் இப்போது வேலையில் இருப்பவர் ‘நாளைக்கே வர்றேன்’ என்றால் சந்தோஷப்பட வேண்டாம். அங்கே சொல்லாமல் நின்று இங்கே வருபவர், இங்கிருந்தும் அப்படித்தான் போவார். ‘நாலு நாள் டைம் கொடுங்க, அங்கே ஆள் போட்டுட்டு வர்றேன்’ என்பவருக்காக நான் காத்திருப்பேன். அவசரத்தில் ஆள் எடுக்கும்போதும் இதை விடக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். அங்கே இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று ஓடி வருபவர் மட்டும் விலக்கு, அவர் மேல் தப்பில்லை.

சர்டிபிகேட், அனுபவக் கடிதம் இதெல்லாம் பார்க்கவே வேண்டாமா?

சப்ளையருக்குப் பத்தாவது பாஸா பெயிலா என்பது எதையும் சொல்லாது. அனுபவக் கடிதம் இந்தத் தொழிலில் யாரும் தருவதில்லை. தந்தாலும் நம்பும்படி இருக்காது. வயதுக்கும் முகவரிக்கும் ஆதார் நகல் வாங்குங்கள். என் கணக்கில் 18 நிரம்பாதவரை எடுக்கவே கூடாது. ஒரிஜினலைப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரிஜினலைப் பிடித்து வைத்தால் ஆள் நிற்பார் என்று சிலர் நினைக்கிறார்கள். அது நியாயமும் இல்லை, பலனும் இல்லை. போகிறவர் அதை விட்டுவிட்டுப் போய்ப் பிறகு போலீஸோடு வருவார்.

உணவைத் தொடும் எல்லோருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனைச் சான்று உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வேண்டும். அந்த ஒரு தாளை மட்டும் கட்டாயம் பாருங்கள். புதியவரிடம் இல்லையென்றால் நீங்களே அழைத்துப் போய் எடுத்துக் கொடுங்கள். போன் நம்பர் இரண்டு வாங்குங்கள்: ஒன்று அவருடையது, இன்னொன்று வீட்டில் எப்போதும் எடுப்பவருடையது.

பழைய முதலாளியிடம் விசாரித்தால் உண்மையைச் சொல்வார்களா?

‘ஆள் எப்படி?’ என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். போனவர் மேல் கோபம் இருந்தால் இல்லாததையும் சேர்ப்பார்கள், கழற்றிவிட நினைத்தவரைத் தங்கம் என்பார்கள். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. லீவு போடும்போது முன்கூட்டிச் சொல்வாரா? மறுபடி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா? இரண்டாவது கேள்விக்குப் பதில் வருவதற்கு முன் ஒரு இடைவெளி விழுந்தால் அதைக் கவனியுங்கள். முதலாளியைவிடக் கல்லாவில் இருந்தவரோ மாஸ்டரோ நேராகச் சொல்வார்கள், காலையில் ஆள் வராத கஷ்டத்தைப் பட்டவர்கள் அவர்கள்தான்.

இப்போது வேலை செய்கிற கடைக்கு அவர் சம்மதம் இல்லாமல் போன் போடாதீர்கள். உங்களால் அவருக்கு இருக்கிற வேலையும் போய்விடும்.

வருஷத்தில் நாலு கடை மாறியவரை எடுக்கலாமா?

எடுக்கலாம். ஹோட்டல் வேலையில் இது சாதாரணம். எத்தனை கடை என்பதைவிட எப்படி வெளியே வந்தார் என்று கேளுங்கள். சம்பளம் தள்ளிப் போனது, தங்கும் அறையில் தண்ணீர் இல்லை, மாஸ்டர் மாறினார், அவரோடு இவரும் போனார் என்பவை எல்லாம் நடப்பவைதான். ஒரே கடைக்கு இரண்டாவது தடவை திரும்பிப் போய் வேலை பார்த்திருந்தால் அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. மனக்கசப்பு இல்லாமல் பிரிந்திருக்கிறார், அந்த முதலாளியும் மறுபடி சேர்த்திருக்கிறார்.

மூன்று நாள் டிரயலில் என்ன பார்ப்பது? ஒரு உதாரணத்தோடு சொல்லுங்கள்.

ஒரு டிபன் ஹோட்டலுக்கு இரண்டு சப்ளையர், ஒரு பார்சல் ஆள், ஒரு கிளீனர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போர்டு வைத்த இரண்டு நாளில் இருபது பேர் கூப்பிடுகிறார்கள். திருப்பிக் கூப்பிடச் சொன்ன நேரத்துக்குப் பதினொரு பேர் கூப்பிடுகிறார்கள். பஸ் கேள்வியிலும் நேரத்திலும் மூன்று பேர் கழிகிறார்கள். மிச்சம் எட்டுப் பேரை ‘காலை 5:40க்குக் கடை வாசலில் இருங்க’ என்று வரச் சொல்கிறீர்கள். பகல் 11 மணிக்கு நேர்முகம் வைத்தால் இந்த வேலைக்குத் தேவையான ஒன்றும் தெரியாது. ஆள் எந்த நேரத்துக்கு வர வேண்டுமோ அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும்.

எட்டில் ஆறு பேர் வருகிறார்கள். ஐந்து பேர் 5:40க்குள். ஆறாவது ஆள், ஆத்தூர் ரோட்டிலிருந்து வரும் ஒரு பையன், 6:05க்கு வருகிறான். ஆனால் 5:30க்கே போன் செய்து ‘அண்ணா, பஸ் வரலை, அடுத்ததைப் புடிச்சு வர்றேன்’ என்று சொல்லியிருக்கிறான். இவனைத் தள்ளக் கூடாது. லேட்டானதைவிட, நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்று அவன் நினைத்துப் பார்த்ததுதான் முக்கியம்.

ஆறு பேரும் மூன்று நாள் வேலை பார்க்கிறார்கள். வருகைப் பதிவில் வந்தார், வரவில்லை என்று டிக் அடிக்காமல் வந்த நிமிடத்தை எழுதுங்கள். ஒருவர் 5:24, 5:27, 5:25 என்று வருகிறார். இன்னொருவர் 5:05, 5:48, 5:15 என்று வருகிறார். இரண்டாமவர் இரண்டு நாள் முந்தியே வந்திருக்கிறார், ஆனால் அவருக்குக் கிளம்பும் நேரம் என்று ஒன்று இல்லை. மாதம் முழுக்க எடுத்தால் முதலாமவர்தான் நிற்பார்.

வேலையில் பார்க்க வேண்டியது ரஷ் நேரத்தை அல்ல. 8 மணிக்கு எல்லோரும் ஓடுவார்கள், ஓடாமல் இருக்க முடியாது. 10:30க்குப் பந்தி ஓய்ந்ததும் கல்லாவில் உட்கார்ந்தபடி பாருங்கள். ஒருவர் துணியை எடுத்துக் கடைசி மேஜையிலிருந்து துடைத்துக்கொண்டு வருகிறார், சாம்பார் வாளியைத் தூக்கிப் பார்த்து உள்ளே கொண்டு போகிறார், டம்ளர்களைக் கவிழ்த்து அடுக்குகிறார். இன்னொருவர் தூணில் சாய்ந்து போனை எடுக்கிறார். சொல்லாமல் செய்பவருக்கு நேரத்தையும் சொல்லத் தேவையிருக்காது, என் அனுபவத்தில் இந்த இரண்டும் ஒரே ஆளிடம்தான் இருக்கும்.

திறமைக்குச் சின்னதாக ஒன்று போதும். சப்ளையரிடம் நாலு பேர் மேஜை ஆர்டரை ஒரே மூச்சில் சொல்லுங்கள்: இரண்டு செட் இட்லி, ஒரு பொடி தோசை, ஒரு பூரி, ஒரு வடை தனி சட்னி, மூன்று காபி, அதில் ஒன்று சர்க்கரை கம்மி. உள்ளே போய் மாஸ்டரிடம் அப்படியே சொல்கிறாரா என்று கேளுங்கள். ஒன்றை மறந்துவிட்டு உங்களிடம் திரும்பிக் கேட்டால் நல்லது. ஊகித்துச் சொன்னால் நல்லதில்லை. மற்றதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்.

மூன்றாம் நாள் முடிவில் நாலு பேரைச் சேர்க்கிறீர்கள், ஐந்தாமவரின் நம்பரை அடுத்த ஆள் என்று நோட்டில் வைக்கிறீர்கள். போர்டு வைத்ததிலிருந்து எட்டு நாள் ஆகியிருக்கும்.

ஆனால் மூன்று நாள் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். உண்மையான டிரயல் முதல் சம்பளம் வாங்கிய மறுநாள் காலை. கையில் பணம் வந்த அன்று இரவு என்ன ஆகிறது என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். அதனால் முதல் மாதம் வாரச் சம்பளமாகக் கொடுங்கள். அந்த ஒரு காலையை ஒரு மாதத்தில் நாலு தடவை பார்த்துவிடலாம், அவருக்கும் கை இறுக்கம் இருக்காது.

டிரயல் நாளுக்குச் சம்பளம் உண்டா?

உண்டு, முழுச் சம்பளம், அன்றன்றைக்கே கையில். மூன்று வேளைச் சாப்பாட்டோடு முடித்துக்கொண்டால் நல்ல ஆள் இரண்டாம் நாளே வேறு கடைக்குப் போய்விடுவார், வேறு வழியில்லாதவர் மட்டும் நிற்பார். வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும் என்பது சட்டமும்தான்.

மாஸ்டரும் சப்ளையரும் சேரும்போதே அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுத்தால் மறுவாரம் ஆளைக் காணோம்.

டிரயல் முடியும் வரை அட்வான்ஸ் இல்லை என்பதை முதல் போனிலேயே சொல்லுங்கள். அட்வான்ஸுக்காக மட்டும் கடை மாறுபவர்கள் அந்தப் போனோடு விலகிவிடுவார்கள். பரோட்டா மாஸ்டர் போல ஆள் கிடைக்காத வேலைக்குக் கொடுக்காமல் முடியாது என்பது எனக்கும் தெரியும். அப்படியென்றால் முதல் மாதம் முடிந்த பிறகு, ஒரு மாதச் சம்பளத்துக்குள், எத்தனை தவணையில் கழிப்பது என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். மொத்தத்தையும் ஒரே மாதத்தில் கழித்தால் அந்த மாதம் அவர் கையில் ஒன்றும் இருக்காது. அன்றைக்கே வேறு கடையில் புது அட்வான்ஸ் கேட்டுப் போவார்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம், கழியும் வரை போகக் கூடாது என்று ஆளைப் பிடித்து வைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் குற்றம். தொகை திரும்ப வராமல் போகலாம் என்று தெரிந்தே கொடுங்கள். வராவிட்டால் தாங்க முடியாத தொகையைக் கொடுக்காதீர்கள்.

ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதும் இதே ரகம்தான். ஆள் நிற்பதில்லை, ‘அந்தக் கடையில் காசு பிடிப்பாங்க’ என்ற பேச்சு மட்டும் நிற்கும். அடுத்த தடவை போர்டு வைக்கும்போது அது தெரியும்.

லேட்டாக வந்தால் பைன் போடலாமா?

வேண்டாம். இஷ்டத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. தவிர, அரை மணி லேட்டுக்கு நூறு ரூபாய் என்று வைத்தால், லேட்டாகிவிட்டது என்று தெரிந்தவர் அன்றைக்கு வராமலேயே இருந்துவிடுவார். உங்களுக்கு அரை மணி போவதற்குப் பதில் ஒரு ஆளே போகிறார்.

வாரத்துக்கு ஒரு வருகைப் படி வையுங்கள். ஆறு நாளும் நேரத்துக்கு வந்தால் சனிக்கிழமை இரவே கையில். மாதக் கடைசியில் கொடுக்கும் படிக்குப் பலன் குறைவு, இரண்டாம் தேதி ஒரு நாள் தவறினால் மிச்சம் இருபத்தெட்டு நாளுக்கு அதில் அவருக்கு ஆர்வம் போய்விடும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. படி போய்விடுமே என்று வயிற்றுப்போக்கோடும் காய்ச்சலோடும் வந்து சட்னி வாளியைத் தூக்குவார்கள். ஹோட்டலில் இது வாடிக்கையாளர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். உடம்பு சரியில்லை என்று முதல் நாள் இரவோ காலை 5 மணிக்குள்ளோ சொன்னால் படி வெட்டு இல்லை என்று அறிவித்துவிடுங்கள். சொல்லாமல் நின்றால்தான் வெட்டு.

ஆடி வந்தால் பாதிப்பேர் லீவு. என்ன செய்வது?

சேலத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றால் ஊரில் இருக்கிற எல்லா மாரியம்மன் கோயிலிலும் கூடவே பண்டிகை. குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று பகுதிக்குப் பகுதி கூழும் பொங்கலும். அந்த நாளில் ஆள் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதே சரியில்லை. அன்றைக்குத்தான் கடையில் கூட்டமும். சேர்க்கும்போதே ‘உங்க ஊர்ப் பண்டிகை எப்போ, எத்தனை நாள் வேணும்?’ என்று கேட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். நாமே கேட்டு நாமே கொடுத்த லீவை யாரும் நீட்டுவதில்லை. மறைத்துப் போகிறவர்தான் இரண்டு நாள் என்று போய் ஒரு வாரம் கழித்து வருவார்.

இதனால்தான், வேலையில் இருப்பவர் மூலமாக ஆள் எடுப்பதற்கும் ஒரு எல்லை வேண்டும் என்கிறேன். ‘எங்க ஊர்ப் பையன் இருக்கான்’ என்று கொண்டு வருபவர்கள்தான் பொதுவாக நிற்கிறார்கள். கூட்டி வந்தவர் தன் பேர் கெடக் கூடாது என்று அவர்களை எழுப்பியே கொண்டு வருவார். அவருக்கு ஒரு தொகை கொடுங்கள், பாதி ஒரு மாதம் கழித்து, பாதி மூன்று மாதம் கழித்து. ஆனால் ஒரே ஊர்க்காரர்கள் ஒரு ஷிப்டில் பாதிக்கு மேல் போனால், ஒரு பண்டிகைக்கோ ஒரு துக்கத்துக்கோ ஷிப்டே காலியாகும். வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் இதே கணக்குத்தான். அவர்களுக்கு ரயிலில் போய்வரவே நாள் பிடிக்கும் என்பதால் டிக்கெட் எடுக்கும் முன்பே முறை போட்டுவிட வேண்டும்.

ஏற்காட்டில் ரெஸ்டாரண்ட். சேலத்திலிருந்து தினமும் வந்து போகும்படி ஆள் எடுக்கலாமா?

காலை ஷிப்டுக்கு எடுக்காதீர்கள். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் ரோடு அடைபடும், பனிமூட்டத்தில் பஸ் ஊர்ந்துதான் வரும், சனி ஞாயிறு ஒண்டிக்கடைப் பக்கமே வண்டி நகராது. கோடை விழா சமயத்தில் கேட்கவே வேண்டாம். எவ்வளவு ஒழுங்கான ஆளாக இருந்தாலும் இந்த ரோட்டுக்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

நாகலூர், மஞ்சக்குட்டை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து எடுங்கள், அல்லது தங்குமிடம் கொடுத்துக் கீழிருந்து எடுங்கள். மலை ஊர்க்காரர்களுக்கு நவம்பர் முதல் காப்பிப் பழம் பறிக்கும் வேலை எஸ்டேட்டில் இருக்கும், அப்போது ஆள் கிடைப்பது கஷ்டம். சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதத்தில் சீசனோடு சேர்ந்தே வரும். அவர்களுக்கு அது விட முடியாத நாள், அதற்கு முன்கூட்டியே மாற்று ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சீசனுக்கு ஆள் வேண்டுமென்றால் ஏப்ரல் கடைசியில் தேடாதீர்கள். மார்ச்சிலேயே எடுத்து, கூட்டம் இல்லாதபோது பழக்கிவிட வேண்டும். பஸ் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இரவு 9 மணிக்கு மேல் வீட்டில் கொண்டு விட ஜீப் ஏற்பாடு இருந்தால் மறுநாள் காலை அவர் வருவார். காட்டுப் பாதையில் நடந்து போகச் சொன்னால் ஒரு வாரம்தான்.

ஜவுளிக்கடைக்கும் இதே முறைதானா?

பெரும்பாலும் இதேதான், நேரம் மட்டும் மாறும். காலை 9:30 என்பதால் பஸ் பிரச்சினை குறைவு. இங்கே சோதனை கடை மூடும் நேரத்தில். இரவு 9 மணிக்குக் கடைசியாக வந்த குடும்பத்துக்கு இருபது சேலை விரித்துக் காட்டிய பிறகு, அவர்கள் எடுக்காமல் போனாலும் முகம் மாறாமல் மடித்து அதே அலமாரியில் வைக்கிறாரா என்று பாருங்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு எடுத்தால் மடிக்கப் பழகவே நேரம் இருக்காது. ஆடித் தள்ளுபடி சமயத்திலேயே எடுத்துவிடுங்கள்.

உட்கார முக்காலி போடுங்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் இதற்கென்றே திருத்தம் வந்திருக்கிறது. நாள் முழுக்க நின்று கால் வீங்கியவர் மறுநாள் லேட்டாகத்தான் வருவார்.

டிரயலில் சரிவராதவரிடம் எப்படிச் சொல்வது?

‘சொல்லி அனுப்பறோம்’ என்று இழுக்காதீர்கள். மூன்றாம் நாள் மாலையே கணக்கை முடித்துக் கையில் கொடுத்து, காரணத்தை நேராகச் சொல்லுங்கள்: ‘தம்பி, வேலை நல்லாத்தான் பண்றீங்க. காலை நேரம் உங்களுக்கு ஒத்துவரலை.’ நம்பரை அழித்துவிடாதீர்கள். பக்கத்திலேயே ‘மாலை ஷிப்ட்’ என்று எழுதி வையுங்கள். காலை 5:30க்கு எழ முடியாத எத்தனையோ பேர் ராத்திரி 11 மணி வரை தோசைக்கல் பக்கத்தில் சலிக்காமல் நிற்பார்கள், ராத்திரி ஆளுக்குத் தேடும்போது முதல் போன் அவருக்குத்தான் போக வேண்டும்.